அழிக்கச் சொன்ன வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

பாரிஸில் லா சப்பல் என்றால் ஐரோப்பியத் தமிழர்களுக்குத் தெரியும். மளிகை, நகை, புடவை என்று தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்கும் இடம். அங்கே இணையத்திலும் புடவை விற்கிற ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்ச் 10ஆம் தேதி மாலை, கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வாடிக்கையாளர் எழுதுகிறார்: "தங்கச்சி, என்ர விவரம் எல்லாத்தையும் அழிச்சு விடுங்கோ. இனி மெசேஜும் அனுப்ப வேண்டாம்."

அந்தப் பெண் "சரி அக்கா" என்று பதில் போட்டுவிட்டு, பில் போடப் போய்விடுகிறார். ஒரு வாரம் கழித்துத்தான் முதலாளியிடம் சொல்கிறார். முதலாளியோ, முறையான விண்ணப்பம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. 2018 மே 25 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, சுருக்கமாக ஜிடிபிஆர், அழிக்கக் கேட்பதற்கென்று எந்தப் படிவத்தையும் கட்டாயமாக்கவில்லை. வாடிக்கையாளர் சட்டத்தின் பெயரையோ பிரிவு எண்ணையோ குறிப்பிடத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் வந்த அந்த இரண்டு வரியே முழுமையான கோரிக்கை. கெடு ஓடத் தொடங்குவதும் முதலாளியின் காதுக்கு எட்டிய நாளிலிருந்து அல்ல, கடைக்குச் செய்தி வந்த நாளிலிருந்து. ஆக, பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 10. அதில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

அந்த ஒரு மாதம் மேல் எல்லை மட்டுமே. தேவையில்லாமல் தாமதிக்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் முதல் சொல். வேலை உண்மையிலேயே சிக்கலாக இருந்தாலோ, கோரிக்கைகள் குவிந்திருந்தாலோ இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தாமதத்தையும் அதற்கான காரணத்தையும் முதல் மாதத்துக்குள்ளேயே வாடிக்கையாளருக்கு எழுதிவிட வேண்டும். கெடு முடிந்தபின் அவகாசம் கேட்க வழியில்லை.

இந்தியாவில் கணக்கு வேறு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, 2027இல் நடைமுறைக்கு வருகின்றன. குறைகளைத் தீர்க்க அந்த விதிகள் தரும் உச்சவரம்பு 90 நாள். சென்னைக் கடைக்காரர் இப்போதே ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லப் பழகிக்கொண்டால் அப்போது திணற மாட்டார்.

பாரிஸ் கடைக்குத் திரும்புவோம். முதலாளி அன்றே இரண்டு வரி எழுதுகிறார்: கோரிக்கை மார்ச் 10 அன்று கிடைத்தது, ஏப்ரல் 10க்குள் முழுப் பதில் வரும். இப்படி ஒப்புகை அனுப்பச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தாலும் வாடிக்கையாளர் மூன்றாம் நாளே மறுபடி கேட்பதும், நம்மை மதிக்கவில்லை என்று நினைப்பதும் இதனால் நின்றுவிடும்.

அடுத்து, கேட்டவர் அவர்தானா என்று பார்க்க வேண்டும். இதில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஜேம்ஸ் பாவுர் 2019இல் ஒரு சோதனை செய்தார். திருமணம் நிச்சயமாகியிருந்த பெண்ணின் சம்மதத்தோடு, அவரைப் போலவே நூற்றைம்பது நிறுவனங்களுக்கு எழுதி, அவருடைய விவரங்களைக் கேட்டார். சரியாக விசாரிக்காமலே பல நிறுவனங்கள் கொடுத்துவிட்டன. விவரத்தைக் கேட்டு வாங்க முடிகிறவர், அடுத்தவரின் கணக்கை அழிக்கவும் சொல்ல முடியும்.

இதற்குப் பயந்து எல்லோரிடமும் அடையாள அட்டை கேட்கும் நிறுவனங்கள் மறுபக்கத்துப் பள்ளத்தில் விழுகின்றன. குரூப்பான் நிறுவனம் அப்படித்தான் மாட்டியது. கணக்குத் தொடங்கும்போது கேட்காத அடையாள அட்டையை, கணக்கை அழிக்கக் கேட்டவரிடம் அது கேட்டது. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 டிசம்பரில் அதைக் கண்டித்தது. அழிக்கச் சொல்லி வந்தவரிடம், அதுவரை இல்லாத புது ஆவணம் ஒன்றைக் கேட்டு வாங்குவது எப்படிச் சரியாகும்? நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே கூடுதல் விவரம் கேட்கலாம். நம் கடைக்கு வந்த செய்தி, கணக்கில் பதிவான அதே கைபேசி எண்ணிலிருந்து வந்திருக்கிறது. பதிவான மின்னஞ்சலுக்கு உறுதிசெய்யும் இணைப்பு ஒன்றை அனுப்பி, அவர் அதைத் தட்டினால் போதும்.

இனிமேல்தான் கடினமான பகுதி. அந்த வாடிக்கையாளர் எங்கெங்கே இருக்கிறார்? இணையக் கடையின் கணக்கில் இருக்கிறார். பில் போடும் மென்பொருளில் இருக்கிறார். தீபாவளி, பொங்கல் சலுகைகளை அனுப்பும் மின்னஞ்சல் சேவையில் இருக்கிறார். பொதி அனுப்பிய கூரியர் நிறுவனத்தில் முகவரியாக இருக்கிறார். பிளவுஸ் தைக்க அளவு எழுதிவைத்த எக்செல் தாளில் இருக்கிறார். வேலை செய்யும் பெண்ணின் சொந்தக் கைபேசியில், புடவைப் படங்களோடு ஓர் அரட்டையாகவும் இருக்கிறார். கணக்கை அழிக்கும் பொத்தான் இவற்றில் ஒன்றைத்தான் துடைக்கிறது.

பெயரை நீக்கினால் போதும் என்று நினைப்பதில் உள்ள ஆபத்தை டென்மார்க்கின் ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது. டாக்ஸா 4x35 என்ற டாக்ஸி நிறுவனம், பயணிகளின் பெயரை இரண்டு ஆண்டுகளில் நீக்கிவிட்டது. தொலைபேசி எண்ணை மட்டும் மேலும் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தது. அதன் தரவுத்தளத்தில் ஒரு பதிவை இன்னொன்றோடு பிணைக்கும் கயிறே அந்த எண்தான், எடுத்தால் எல்லாம் கலைந்துவிடும் என்பது நிறுவனத்தின் வாதம். ஆனால் எண் இருக்கும்வரை, எங்கிருந்து எங்கே போனார் என்பதை ஒரு மனிதரோடு பொருத்திவிடலாம். இப்படி மிஞ்சியிருந்தவை 88 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். மென்பொருள் வசதிப்படாது என்பதைச் சாக்காக ஏற்க மறுத்த டென்மார்க் ஆணையம், 2019இல் 12 லட்சம் குரோனர் அபராதம் விதிக்கப் பரிந்துரைத்தது.

ஆகவே நம் கடை அழித்து முடித்தபின் பெயரைத் தேடிப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. எண்ணையும் மின்னஞ்சலையும் ஒவ்வோர் இடத்திலும் தேட வேண்டும். நாட்டின் குறியீடான 33ஐச் சேர்த்து ஒரு முறை, பூஜ்யத்தில் தொடங்கி ஒரு முறை. ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதிவைத்திருப்பதுதான் பெரும்பாலும் மிச்சம் வைக்கும் இடம். கூரியருக்கும் மின்னஞ்சல் சேவைக்கும், தங்களிடம் உள்ளதை அழிக்கும்படி கடை தெரிவிக்க வேண்டும். யார் யாருக்குத் தெரிவித்தோம் என்று வாடிக்கையாளர் கேட்டால் பெயர் சொல்லவும் வேண்டும்.

அழிக்க முடியாதவையும் உண்டு. பிரான்ஸின் வணிகச் சட்டப்படி விற்பனைச் சீட்டு போன்ற கணக்கு ஆவணங்களைப் பத்து ஆண்டுகள் காப்பாற்ற வேண்டும். வாடிக்கையாளர் 2025 நவம்பரில் வாங்கிய புடவையின் சீட்டு அதில் சேர்ந்தது. சட்டக் கடமைக்காக வைத்திருப்பதை ஜிடிபிஆரும் அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதி சீட்டுக்கு மட்டும்தான். அதைக் காட்டிப் பிறந்தநாளையும் பிளவுஸ் அளவையும் வைத்துக்கொள்ள முடியாது. சீட்டும் கணக்காளர் மட்டும் திறக்கக்கூடிய இடத்துக்குப் போய்விட வேண்டும்.

காப்புப் பிரதிகள் இன்னொரு சங்கடம். இரவுதோறும் எடுத்துவைக்கும் பிரதிக்குள் புகுந்து ஒருவரை மட்டும் வெட்டியெடுப்பது பெரும்பாலும் நடக்காது. நம் கடையின் பிரதிகள் முப்பது நாளில் தாமாகவே அழிந்துவிடும். அதுவரை அவற்றை யாரும் தொடுவதில்லை. நடுவில் சர்வர் பழுதாகிப் பழைய பிரதியைத் திரும்பப் போட நேர்ந்தால், அழிக்கப்பட்டவர் உயிர்பெற்று வந்துவிடுவார். அதற்காக, அழித்த கணக்குகளின் வரிசை எண்களை மட்டும் ஒரு தாளில் வைத்திருந்து, பிரதியைப் போட்ட உடனே மறுபடி அழிக்க வேண்டும்.

விளம்பர மின்னஞ்சலில் கதை தலைகீழ். முகவரியைச் சுத்தமாக அழித்துவிட்டால், யாராவது ஒரு பழைய பட்டியலை மறுபடி ஏற்றும்போது அவருக்குத் தீபாவளிச் சலுகை போய்ச் சேரும். 'இவருக்கு அனுப்பாதே' என்ற தடைப்பட்டியலில் அந்த மின்னஞ்சல் மட்டும் இருப்பதுதான் அவர் கேட்டதை நிறைவேற்றும். அதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தபிறகுதான் பதில் எழுத முடியும். "தங்கள் விவரங்கள் அனைத்தும் முழுமையாக அழிக்கப்பட்டுவிட்டன" என்று ஒரே வரியில் முடிக்க ஆசையாகத்தான் இருக்கும். அது பொய். சீட்டு இருக்கிறது, பிரதி இருக்கிறது, தடைப்பட்டியல் இருக்கிறது. நேர்மையான பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். மார்ச் 10 அன்று நீங்கள் கேட்டபடி, உங்கள் கணக்கு, முகவரி, பிறந்தநாள், தையல் அளவுகள், எங்கள் பணியாளரின் கைபேசியில் இருந்த உரையாடல் ஆகியவற்றை மார்ச் 20 அன்று அழித்துவிட்டோம். கூரியர் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் சேவைக்கும் தெரிவித்துவிட்டோம். எங்கள் காப்புப் பிரதிகளிலிருந்து உங்கள் விவரம் ஏப்ரல் 19க்குள் மறைந்துவிடும். அதுவரை அதை எதற்கும் பயன்படுத்த மாட்டோம். 2025 நவம்பர் மாத விற்பனைச் சீட்டைச் சட்டப்படி 2035 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். அதில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும். விளம்பரம் வராமல் தடுக்க உங்கள் மின்னஞ்சல் முகவரியை மட்டும் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறோம். இந்தப் பதிலில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் எங்களுக்கு எழுதுங்கள். பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முறையிடவும், நீதிமன்றத்தை அணுகவும் உங்களுக்கு உரிமை உண்டு. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை."

முறையீட்டு வரியை எழுத முதலாளிகள் தயங்குவார்கள். நம்மை மாட்டிவிட நாமே வழி சொல்வதா என்று தோன்றும். ஆனால் கேட்டதில் ஒரு பகுதியை மறுக்கும்போது அந்த வரி சட்டப்படி கட்டாயம். இங்கே சீட்டை அழிக்க மறுத்திருக்கிறோம்.

சின்னதாக ஒரு தொழில் நுணுக்கம். பதில் எந்த முகவரிக்குப் போக வேண்டுமோ அதை எழுதி வைத்துக்கொண்டு பிறகு அழிக்க வேண்டும். கணக்கை முதலில் அழித்துவிட்டு, பதில் அனுப்ப முகவரி இல்லாமல் விழிக்கும் கடைகள் உண்டு. கோரிக்கையும் பதிலும் அடங்கிய அந்தக் கடிதப் போக்குவரத்தைக் கடை தனியே வைத்திருக்கலாம், கெடுவுக்குள் செய்தோம் என்று காட்ட அது ஒன்றே சான்று. அதுவும் தனிநபர் விவரம்தான் என்பதால் எவ்வளவு காலம் இருக்கும் என்பதை முன்பே முடிவுசெய்து, கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது நல்லது.

கடிதம் போன அன்று முதலாளி நாட்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறிக்கிறார். ஏப்ரல் 20 காலை, பழைய பிரதிகள் உண்மையிலேயே அழிந்தனவா என்று பார்க்க வேண்டும். 2036 ஜனவரியில், அந்த ஒற்றைச் சீட்டைக் கணக்காளரிடம் கேட்டு வாங்கி அழிக்க வேண்டும்.