நாலு ஸ்கிரீன்ஷாட், ஒரு டேபிள்: ஏசி விலைக்குள் ஒரு எட்டிப் பார்வை!

இன்றைக்கு நாம் நுழையப்போவது ஓர் எக்செல் ஷீட்டுக்குள். அண்ணன் மகள் மதுரையில் மாடி அறைக்கு ஏசி வாங்கப்போகிறாள். 2025 செப்டம்பர் கடைசியில் வாட்ஸ்அப்பில் நாலு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "சித்தப்பா, எல்லாமே ஒன்றரை டன் இன்வர்ட்டர்தான். எது சல்லிசுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். எல்லாமே ஒன்றரை டன்னாம்! இந்த ஒரு வரிக்குள் எத்தனை கூத்து ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

முதல் வேலை, படத்தில் இருக்கும் எண்களை ஷீட்டுக்குக் கொண்டுவருவது. கூகுள் லென்ஸில் படத்தைக் காட்டி எழுத்துகளை காப்பி செய்தால் நொடியில் வந்துவிடும். வந்தது சரியா என்று பார்ப்பதில்தான் சுவாரஸ்யமே. ரூபாய்க் குறியை அது சில நேரம் 2 என்றோ 3 என்றோ படித்துவிடும். ₹36,990 என்பது 236,990 ஆகி நிற்கும். இதைப் பிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது: காற்புள்ளியைப் பாருங்கள்! நிஜமாகவே இரண்டு லட்சத்துச் சொச்சம் என்றால் நம் ஊர் வழக்கப்படி 2,36,990 என்று இரண்டு காற்புள்ளி இருந்திருக்கும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் முன்னால் நிற்கும் 2 வேஷம் போட்ட ரூபாய்க் குறி. இன்னோர் அடையாளமும் உண்டு. செல்லில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்காமல் இடப்பக்கம் போய் நின்றால், ஷீட் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளவில்லை. SUM போட்டுக் கூட்டினால் கணக்கில் சேராது.

அடுத்து நாள். படம் எடுத்த ஃபோனில் கோப்பின் பெயரிலேயே பெரும்பாலும் தேதி இருக்கும், Screenshot_20250915-213045 என்பது மாதிரி. வாட்ஸ்அப்பில் வந்ததும் பெயர் IMG-20250924-WA0007 என்று மாறிவிடுகிறது. அந்தத் தேதி அனுப்பியதன் தேதி, எடுத்ததன் தேதி அல்ல. அவளிடமே மூலப்படங்களின் பெயரைக் கேட்டு வாங்கினேன். நாலாவது படம் செப்டம்பர் 15-ஆம் தேதியது! 22-ஆம் தேதிதான் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய வரியோடு 38,400 ரூபாய்க்கு விற்ற ஏசியின் வரியில்லாத விலை 30,000. புது வரியைச் சேர்த்தால் 35,400 தான். வரியில் மட்டும் மூவாயிரம்! ஆனால் கடைக்காரர் அந்தக் குறைப்பை அப்படியே கொடுத்தாரா என்பது பழைய படத்தில் தெரியாது. நாமே கணக்குப் போட்டு நிரப்பக் கூடாது. நாலாவது படத்தை அப்போதே டேபிளிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது விலை. பெரிய எழுத்தில் மின்னுகிறதே, அது ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விலை. முதல் படத்தின் 33,990-க்குக் கீழே, கண்ணை இடுக்கினால் தெரியும் எழுத்தில், குறிப்பிட்ட வங்கி கார்டுக்கு 2,000 தள்ளுபடி சேர்த்து என்று இருக்கிறது. அவளிடம் அந்த கார்டு இல்லை. இன்ஸ்டலேஷன் 1,500 தனி. மூன்றாவது படத்தின் 39,490 பழைய ஏசியைக் கொடுத்தால் கிடைக்கும் விலை. அவளிடம் பழைய ஏசியே கிடையாது, அதனால் 3,500 திரும்ப ஏறுகிறது, டெலிவரிக்கு 400 வேறு. இரண்டாவது படத்தில் எந்த நிபந்தனையும் இல்லை. இன்ஸ்டலேஷனும் இலவசம். ஆகவே பெரிய விலைக்கு C கட்டம், நமக்குக் கிடைக்காத தள்ளுபடிக்கு D, கூடுதல் செலவுக்கு E. பிறகு இந்த ஒரே வரி:

```
=C2+D2+E2
```

கீழ்வரை இழுத்துவிட்டு, கட்டவேண்டிய விலை வாரியாக வரிசைப்படுத்தினேன். முதல் படம் ஒரு படி கீழே இறங்க, இரண்டாவது ஜம்மென்று மேலே வந்து உட்கார்ந்தது! இந்த ஒரு கணத்துக்காகவே எத்தனை டேபிள் வேண்டுமானாலும் போடலாம்.

| படம் | காட்டிய விலை | கட்டவேண்டியது | குளிரூட்டும் திறன் (வாட்) | ஐசீர் | ஆண்டு யூனிட் |
|---|---|---|---|---|---|
| 2 | 36,990 | 36,990 | 5,200 | 4.1 | 983 |
| 1 | 33,990 | 37,490 | 4,600 | 4.0 | 891 |
| 3 | 39,490 | 43,390 | 5,150 | 5.1 | 783 |

இனி அந்த ஒன்றரை டன் விவகாரத்துக்கு வருவோம். ஒரு டன் என்பது சுமார் 3,517 வாட் குளிரூட்டும் திறன். ஒன்றரை டன் என்றால் ஏறக்குறைய 5,275 வாட் வரவேண்டும். முதல் படத்தில் தலைப்பு ஒன்றரை டன் என்கிறது. ஸ்பெசிஃபிகேஷன் பட்டியலின் அடியில் இருப்பதோ 4,600 வாட். கிட்டத்தட்ட 1.3 டன்! மொட்டை மாடி வெயில் நேராக இறங்கும் மதுரை அறைக்கு இந்த வித்தியாசம் மே மாதத்தில் நன்றாகவே உறைக்கும். அதனால் என் டேபிளில் டன்னுக்கு இடமே இல்லை, வாட் மட்டும்தான்.

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், அங்கேதான் முதல் படம் இன்னொரு வித்தை காட்டுகிறது. ஆண்டுக்கு 891 யூனிட், இரண்டாவதோ 983. அப்படியானால் முதலாவது சிக்கனமா? இல்லவே இல்லை! அந்த ஆண்டு யூனிட் என்பது பி.இ.இ. லேபிளில் 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு. சின்ன மிஷின் குறைவாகக் குளிர்விக்கிறது, அதனால் குறைவாகக் குடிக்கிறது. குடித்த கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்று சொல்வது ஐசீர். அதில் இரண்டாவதே ஒரு பிடி மேல். திறன் ஒத்துப்போகும் ஏசிகளுக்கு இடையில் மட்டும்தான் ஆண்டு யூனிட்டை நேருக்கு நேர் வைக்கலாம்.

நட்சத்திரத்துக்கும் நான் கட்டம் போடவில்லை, ஏனென்றால் அதன் அளவுகோல் காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஐசீர் 4.6 உள்ள ஏசி 2022 ஜூன் வரை ஐந்து நட்சத்திரம். ஜூலையில் வரம்பு 5.0 ஆக உயர்ந்ததும் அதே ஏசி நான்கு நட்சத்திரமாகிவிட்டது. பழைய சரக்கின் படம் ஒன்று நடுவில் வந்துவிட்டால் நட்சத்திரம் நம்மை ஏமாற்றும். ஐசீர் எண்ணைக் கேட்டு வாங்குவதே உத்தமம். படத்தில் அது இல்லையென்றால் கட்டத்தில் 'படத்தில் இல்லை' என்று எழுதுங்கள். பூஜ்யம் போட்டால் வரிசைப்படுத்தும்போது அந்த ஏசி தேவையில்லாத இடத்தில் போய் நிற்கும்.

திறனிலும் ஐசீரிலும் பின்தங்கிய முதலாவதைத் தள்ளிவிட்டால், மிச்சம் இருப்பது இரண்டாவதும் மூன்றாவதும். இரண்டுக்கும் திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாவது 6,400 ரூபாய் அதிகம், ஆண்டுக்கு 200 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 1,600. நாலு வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறுவதால், ஏசிக்குப் போகும் யூனிட்டுக்கு உங்கள் பில்லின் மேல் அடுக்குக் கட்டணத்தைத்தான் போடவேண்டும், சராசரியை அல்ல. அவள் மின்பில்லையும் அனுப்பச் சொல்லி அந்த விலையைப் போட்டுக் காட்டினேன். அவள் கணவருக்கு வீட்டில் இருந்தே வேலை. 1,600 மணி நேரம் என்பது அவர்களுக்கு நாலு மாதத்திலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவதையே வாங்கச் சொன்னேன். வருடத்தில் இரண்டு மாதம், அதுவும் ராத்திரி மட்டும் போடுகிற வீடென்றால் இரண்டாவதே போதும் என்றிருப்பேன். நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மட்டும் தயவுசெய்து விலையோடு நிறுத்தாதீர்கள். மாடல் நம்பரை வெட்டாமல், ஸ்பெசிஃபிகேஷன் பட்டியலின் அடிவரை இறங்கி, பின்கோடு போட்ட பிறகு பில் போடும் பக்கத்தில் வரும் தொகையையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள்.