வங்கிக் குறுஞ்செய்தியைப் படிப்பது எப்படி?

வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் பாஸ்புக்கின் ஒரு வரி. தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு என்று பாஸ்புக்கில் இருக்கும் ஐந்து கட்டங்களும் செய்தியிலும் உண்டு. இடம் போதாததால் அவை சுருக்கெழுத்துகளாக நெருக்கிப் போடப்படுகின்றன. வரிசையும் வங்கிக்கு வங்கி மாறுகிறது. பெரும்பாலோர் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் செய்தியை மூடிவிடுகிறார்கள். ஆனால் செய்தி உண்மையா, கணக்கு சரியா என்பதைச் சொல்வது தொகையைச் சுற்றியுள்ள மற்ற எழுத்துகளும், கடைசியில் வரும் இருப்பும்தான்.

முதலில் பார்க்க வேண்டியது அனுப்புநரின் பெயர். இந்தியாவில் வங்கிச் செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. AD-HDFCBK-S என்பதைப் போன்ற ஒரு குறியீட்டிலிருந்து வரும். முன்னால் உள்ள இரண்டு எழுத்துகள் செய்தியைச் சுமந்துவரும் தொலைபேசி நிறுவனத்தையும் வட்டத்தையும் குறிப்பவை. அவை மாறிக்கொண்டே இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. நடுவில் இருப்பது வங்கி பதிவுசெய்து வைத்திருக்கும் பெயர். கடைசி எழுத்து 2025ஆம் ஆண்டின் டிராய் விதித் திருத்தத்தால் சேர்ந்தது. T என்றால் பரிவர்த்தனை, S என்றால் சேவை, P என்றால் விளம்பரம், G என்றால் அரசு. பணம் எடுக்கப்பட்டதாகவோ வந்ததாகவோ சொல்லும் செய்தி P என்று முடிந்தால் அதை நம்பக் கூடாது. நடுப்பெயர் யாருடையது என்பதை டிராயின் smsheader.trai.gov.in பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். ஆயினும் பெயர் சரியாக இருப்பது மட்டுமே போதிய சான்று ஆகாது. போலிக் கருவிகளால் அந்தப் பெயரிலேயே செய்தி அனுப்பிய மோசடிகளும் நடந்திருக்கின்றன. ஆகவே இது முதல் வடிகட்டி மட்டுமே.

அடுத்து, செய்தியின் உடல். ஒரு சேமிப்புக் கணக்கில் அடுத்தடுத்த மூன்று நாள்களில் வரும் மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு முன் இருப்பு 12,640 ரூபாய்.

```
A/c XX4417 debited Rs.3000.00 on 03-06-25
ATM WDL. Avl Bal Rs.9640.00
```

```
A/C X4417 debited by 450.00 on 04Jun25
trf to PROVISION STORES Refno 515512345678
```

```
A/c XX4417 Dr Rs.4200.00 on 05-06-25
ACH D-VEHICLE LOAN EMI. Avl Bal Rs.4754.00
```

XX4417 என்பது கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள். ஏடிஎம் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் வேறு, கணக்கின் கடைசி நான்கு வேறு. Card என்று தொடங்கும் செய்தியில் வருவது அட்டையின் எண். அது கணக்கு எண்ணோடு பொருந்தாததைக் கண்டு பதற வேண்டாம். ஒரே வீட்டில் இருவரின் கணக்குகளுக்கும் ஒரே கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தால் இந்த இலக்கங்களைப் பார்க்காமல் மேற்கொண்டு படிப்பதில் பொருளே இல்லை.

debited, Dr என்பவை பற்று. Credited, Cr என்பவை வரவு. இதில் கவனிக்க வேண்டியது காலம். debited என்றால் பணம் போய்விட்டது. will be debited என்றால் இனிமேல் போகப்போகிறது. மாதச் சந்தா போன்ற தானியங்கிப் பற்றுகளுக்கு 24 மணி நேரம் முன்னதாகவே வரும் அறிவிப்பு அது. வேண்டாத சந்தாவை நிறுத்தக் கிடைக்கும் அவகாசமும் அதுதான். blocked, lien, hold என்பவற்றில் பணம் கணக்கிலேயே இருக்கும், ஆனால் எடுக்க முடியாது. புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தால் ஒதுக்கீடு முடியும்வரை தொகை இப்படித்தான் பூட்டப்படுகிறது.

பிறகு, பணம் எந்த வழியில் போனது என்ற குறியீடு. ATM WDL என்பது ஏடிஎம்மில் எடுத்தது. POS என்பது கடையில் அட்டையைத் தேய்த்தது. ECOM என்பது அதே அட்டை இணையத்தில் பயன்பட்டது. ACH D அல்லது NACH என்பது கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம் போன்றவற்றுக்காகக் கணக்குதாரர் முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதியின்படி எடுக்கப்படுவது. அதன் பின்னால் RTN என்று வந்தால் இருப்பு போதாமல் தவணை திரும்பிவிட்டது என்று பொருள். அபராதம் வங்கியிலும் விழும், கடன் கொடுத்த நிறுவனத்திலும் விழும். வீட்டிலிருந்தபடியே POS என்றோ, வெளியூர் ஏடிஎம்மின் பெயரோடு WDL என்றோ செய்தி வந்தால் தொகை எவ்வளவு சிறியதானாலும் அதை விடக் கூடாது.

Refno, UTR, RRN என்று பின்தொடரும் நீண்ட எண்ணைப் பலர் வெறும் அலங்காரமாக நினைக்கிறார்கள். வங்கியில் புகார் எழுதும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான். யூபிஐ, ஐஎம்பிஎஸ் எண்கள் 12 இலக்கம் கொண்டவை. அவற்றில் பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. மேலே உள்ள எண் 5155 என்று தொடங்குகிறது: 2025ஆம் ஆண்டின் 155ஆவது நாள், அதாவது ஜூன் 4. எல்லாச் செயலிகளும் இந்த முறையைப் பின்பற்றுவதில்லை. எனவே பொருந்தாவிட்டால் போலி என்று முடிவுகட்ட முடியாது. நெஃப்ட் எண் 16 எழுத்தும், ஆர்டிஜிஎஸ் எண் 22 எழுத்தும் கொண்டது. அவற்றின் முதல் நான்கு எழுத்துகள் பெரும்பாலும் அனுப்பிய வங்கியைச் சொல்லும். சம்பளமோ வாடகையோ எந்த வங்கியிலிருந்து வந்தது என்று பல சமயங்களில் இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி இருப்பு. சரிபார்க்கும் வழி எளிய கழித்தல்தான். 12,640இல் 3,000 போக 9,640. முதல் செய்தி சரி. இரண்டாவது செய்தியில் இருப்பே இல்லை. பல வங்கிகளின் யூபிஐ செய்திகள் அப்படித்தான் வருகின்றன. அதைக் கையால் கணக்கிட்டால் 9,190. அதில் 4,200 தவணை போனால் 4,990 இருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது செய்தி 4,754 என்கிறது. 236 ரூபாயைக் காணோம்.

இப்படி ஒரு வித்தியாசம் தெரிந்தால் அதை 1.18ஆல் வகுத்துப் பார்ப்பது நல்லது. வங்கிக் கட்டணங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விடை முழு எண்ணாக வந்தால் பெரும்பாலும் அது கட்டணம்தான். 236ஐ 1.18ஆல் வகுத்தால் 200. ஏடிஎம் அட்டையின் ஆண்டுக் கட்டணமாகப் பல கணக்குகளில் விழும் தொகை இது. 27 ரூபாய் 14 காசு குறைந்தால் இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்ததற்கான 23 ரூபாயும் வரியும். மே மாதக் கடைசியில் 20 அல்லது 436 ரூபாய் குறைந்தால் அவை பிரதமரின் விபத்துக் காப்பீடு, ஆயுள் காப்பீடு ஆகிய திட்டங்களின் ஆண்டு பிரீமியம்.

கட்டணமாகவும் இல்லையென்றால் செய்தியே வராத சிறு செலவாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, 100 ரூபாய்க்குக் குறைந்த யூபிஐ செலவுக்கும் 500 ரூபாய்க்குக் குறைந்த யூபிஐ வரவுக்கும் குறுஞ்செய்தி அனுப்புவதை எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூன் 25 முதல் நிறுத்திவிட்டது. தினமும் தேநீர்க்கடையில் யூபிஐயில் கொடுப்பவரின் இருப்பு செய்தி வராமலேயே கரையும். இதற்கு விடை செய்திகளில் கிடைக்காது. செயலியில் கணக்கு விவரத்தைத் திறந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

இருப்பிலும் இரண்டு வகை உண்டு. Ledger Bal என்பது வங்கியின் ஏட்டில் உள்ள மொத்தம். Avl Bal என்பது இப்போது எடுக்கக்கூடியது. பூட்டப்பட்ட தொகை, இன்னும் பணமாகாத காசோலை ஆகியவற்றால் இரண்டும் வேறுபடும். மிகைப்பற்று வசதி உள்ள கணக்கில் கடன் வரம்பையும் சேர்த்து Avl Bal காட்டப்படுவதுண்டு. அதைச் சொந்தப் பணம் என்று எண்ணிச் செலவு செய்தால் வட்டி ஏறும். ஒரு மாதச் செய்திகளை ஒப்பிடும்போது ஒரே வகை இருப்பைத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கழித்தல் பழக்கம் இருப்பவரிடம் ஒரு பழைய மோசடி எடுபடாது. 10,000 ரூபாய் வரவு என்று ஒரு செய்தி வரும். சிறிது நேரத்தில் ஒருவர் அழைத்து, ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் அனுப்பிவிட்டேன், மருத்துவமனைச் செலவுக்கு வைத்திருந்த பணம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சுவார். செய்தி சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருக்கும். இருப்பு இருக்காது, அல்லது முந்தைய இருப்போடு ஒட்டாத ஏதோ ஒரு தொகை இருக்கும். வங்கிச் செயலியில் இருப்பைப் பார்த்தால் ஒரு ரூபாயும் ஏறியிருக்காது. உண்மையிலேயே தவறி வந்த பணமாக இருந்தாலும் அழைத்தவர் சொல்லும் எண்ணுக்கு அனுப்பாமல், வங்கிக் கிளை வழியாகவே திருப்புவது முறை. செய்தியில் இணைப்பு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது .bank.in என்று முடிகின்றன.

பற்று போலியல்ல, ஆனால் கணக்குதாரர் செய்ததும் அல்ல என்றால் நேரம் முக்கியம். செய்தியில் உள்ள எண்ணை அழைக்காமல், அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ உள்ள எண்ணை அழைத்து அட்டையையும் யூபிஐயையும் முடக்க வேண்டும். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் சொல்ல வேண்டும். வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அவர் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் தாமதமானால் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். செய்தி வந்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கிக்குத் தெரிவிக்கும் வரையான இழப்பு அவருடையது. ஆனாலும் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு.

மோசடி இல்லாமலும் பற்று தவறலாம். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் குறைந்தால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்கு மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கடைக்கு யூபிஐயில் கொடுத்து அவருக்குச் சேராத பணத்துக்கும் இதே ஐந்து நாள்தான். தனி நபருக்கு அனுப்பியது சேராவிட்டால் ஒரே நாள். பணம் திரும்பும்போது REV அல்லது Reversal என்ற குறியோடு தனி வரவுச் செய்தி வரும். அதில் பழைய குறிப்பு எண்ணும் அதே தொகையும் இருக்கிறதா, இருப்பு அந்த அளவுக்கு ஏறியதா என்று பார்த்த பிறகே அந்தப் புகாரை முடித்துக்கொள்ளலாம்.