ஒரு கெழு மட்டும் வேண்டுமானால்

மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டுத்தொகை 9 பெற ஆறு சேர்க்கைகள் உண்டு: 6-2-1, 5-3-1, 5-2-2, 4-4-1, 4-3-2, 3-3-3. 10 பெறவும் ஆறுதான்: 6-3-1, 6-2-2, 5-4-1, 5-3-2, 4-4-2, 4-3-3. ஆனால் 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நெடுநாள் பகடையாடிப் பழகியவர்கள், 9-ஐ விட 10 சற்று அதிகமாக விழுவதைக் கவனித்திருந்தார்கள். இதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி கலிலியோவிடம் வந்தது. கேட்டவர் தஸ்கனியின் கோமகன் என்று கருதப்படுகிறது.

கலிலியோ பட்டியல் போட்டு எண்ணினார். எந்தப் பகடையில் எந்த எண் என்று பிரித்துப் பார்த்தால் 6-2-1 ஆறு விதமாக விழும், 5-2-2 மூன்று விதமாக விழும், 3-3-3 ஒரே விதமாகத்தான் விழும். இப்படிக் கூட்டினால் மொத்தமுள்ள 216 விதங்களில் 9-க்கு 25, 10-க்கு 27. பட்டியல் எதுவும் போடாமல், ஒரு பெருக்கலில் வரும் ஒரே ஒரு கெழுவைக் கண்டுபிடித்தும் இதே விடைகளை அடையலாம்.

அதற்கு முன் சிறிய கணக்கு ஒன்று. (3x² + 2x − 5)(x³ − 4x² + x + 7) என்ற பெருக்கலில் x³-இன் கெழு என்ன? முழுவதும் விரித்தால் 12 பெருக்கல்கள் செய்து, ஒத்த உறுப்புகளைச் சேர்த்து, கடைசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவோம். விரிவில் வரும் ஒவ்வொரு துண்டும், முதல் அடைப்பிலிருந்து ஓர் உறுப்பையும் இரண்டாவதிலிருந்து ஓர் உறுப்பையும் எடுத்துப் பெருக்கியதுதான். பெருக்கும்போது அடுக்குகள் கூடும். ஆகவே அடுக்குகள் கூடி 3 ஆகும் ஜோடிகள் மட்டும் போதும். 3x² உடன் x சேர்ந்தால் 3. 2x உடன் −4x² சேர்ந்தால் −8. −5 உடன் x³ சேர்ந்தால் −5. மூன்றையும் கூட்டினால் −10. அவ்வளவுதான் விடை. பிழை வரக்கூடிய இடங்கள் இரண்டு: குறியைக் கவனிக்காமல் விடுவது, ஒரு ஜோடியை மறந்துவிடுவது. முதல் அடைப்பின் உறுப்புகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டாவதில் என்ன துணை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால் எந்த ஜோடியும் விடுபடாது.

இனி பகடை. அதன் முகத்திலுள்ள எண்ணை அடுக்காக எழுதுவோம்: x + x² + x³ + x⁴ + x⁵ + x⁶. பெருக்கும்போது அடுக்குகள் கூடுவதால், இந்தக் கோவையை மூன்று முறை பெருக்கினால் பகடை எண்கள் தாமாகவே கூடிக்கொள்ளும். x¹⁰-இன் கெழு என்பது கூட்டுத்தொகை 10 வரும் விதங்களின் எண்ணிக்கை. ஒவ்வோர் அடைப்பிலிருந்தும் ஒரு x-ஐப் பொதுவாக வெளியே எடுத்தால் x³ வெளியே போய், (1 + x + x² + x³ + x⁴ + x⁵)³ மிஞ்சும். இனி நாம் தேடவேண்டியது x¹⁰ அல்ல, x⁷. இதை மறந்து உள்ளேயும் x¹⁰-ஐத் தேடினால், 10-க்குப் பதிலாக 13-க்கான விடை கிடைக்கும்.

0 முதல் 5 வரையுள்ள மூன்று எண்கள் கூடி 7 ஆகவேண்டும். 5 என்ற வரம்பைச் சற்று மறந்துவிடுவோம். முதல் எண் 0 என்றால் மற்ற இரண்டும் 7-ஐ 8 விதமாகப் பகிரும்; 1 என்றால் 7 விதம்; இப்படியே போனால் 8+7+6+5+4+3+2+1 = 36. இதில் வரம்பை மீறியவற்றைக் கழிக்கவேண்டும். ஒரு பகடை 6 அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்டது என்போம். அந்த 6-ஐத் தனியே வைத்தால் மிச்சம் 1. அதை மூவருக்குள் 3 விதமாகப் பகிரலாம். மீறிய பகடை மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் 3×3 = 9. ஆக 36 − 9 = 27. கூட்டுத்தொகை 9-க்குத் தேடவேண்டியது x⁶. வரம்பில்லாமல் 28; மீறியவற்றில் மிச்சம் 0 என்பதால் 3×1 = 3; விடை 25.

இதையே கோவைகளின் வழியில் எழுதினால், 1 + x + … + x⁵ = (1 − x⁶)/(1 − x). மூன்றாம் அடுக்கில் தொகுதி 1 − 3x⁶ + 3x¹² − x¹⁸ ஆகிறது. பகுதியிலிருந்து வரும் 1/(1 − x)³ என்பது 1 + 3x + 6x² + 10x³ + 15x⁴ + 21x⁵ + 28x⁶ + 36x⁷ + … என்று முடிவில்லாமல் நீளும். இந்த இரண்டிலும் அடுக்குகள் கூடி 7 ஆகும் ஜோடிகள் இரண்டே: 1 உடன் 36x⁷, −3x⁶ உடன் 3x. சிறிய கணக்கில் ஜோடி தேடிய அதே வேலைதான். எத்தனை பகடை இருந்தாலும் பொருந்தும் இந்த வழியை 18ஆம் நூற்றாண்டில் கண்டவர், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நாம் படிக்கும் அதே டி மாய்வர்.

விடை சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. பகடையின் எதிரெதிர் முகங்கள் கூடினால் 7. விழுந்த மூன்றையும் அப்படியே தலைகீழாகத் திருப்பினால் 10 என்பது 11 ஆகிவிடும். ஆகவே 11-க்கும் 27 விதங்கள் வரவேண்டும். x⁸-க்குக் கணக்கிட்டால் 45 − 3×6 = 27. சரியாக வருகிறது. பெரிய எண்களில் கூடுதல் கவனம் தேவை. கூட்டுத்தொகை 16-க்கு x¹³ வேண்டும்; வரம்பில்லாமல் 105, கழிக்கவேண்டியது 3×36 = 108. இங்கே நிறுத்தினால் −3 வரும். எண்ணிக்கை ஒருநாளும் எதிர்மறையாகாது என்பதால், ஏதோ விடுபட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு பகடைகள் ஒருசேர வரம்பை மீறிய விதங்களை இருமுறை கழித்துவிட்டோம். அவற்றை ஒருமுறை திரும்பக் கூட்டச் சொல்வதுதான் 3x¹² என்ற உறுப்பு. அதன் பங்கு 3×3 = 9. ஆக விடை 6. திருப்பிப் போட்டால் வரும் 5-க்கும் அதே 6.

இந்தக் குறுக்குவழி, அடைப்பிலுள்ள கெழுக்கள் எல்லாம் ஒன்றாக இருந்து அடுக்குகளும் சீராக ஏறினால்தான் உதவும். அப்படி இல்லாத (1 + 2x + 3x²)(2 − x + x³)(1 + x² + 4x⁵) போன்ற பெருக்கலில் x³-இன் கெழு வேண்டுமானால், ஜோடி தேடும் பழைய வழிக்கே திரும்பவேண்டும். மூன்றாவது அடைப்பை முதலில் பாருங்கள். 4x⁵ நம் இலக்கைத் தாண்டிவிட்டது, அது வேண்டாம். எஞ்சிய 1-க்குத் துணை x³. X²-க்குத் துணை x. ஆகவே முதல் இரண்டு அடைப்புகளின் பெருக்கலில் x³, x என்ற இரண்டின் கெழுக்கள் மட்டும் போதும். x³-க்கு 1×1 + 3×(−1) = −2. x-க்கு 1×(−1) + 2×2 = 3. இரண்டையும் கூட்டினால் 1. எந்த அடைப்பில் இலக்குக்குப் பயன்படும் உறுப்புகள் குறைவோ அதிலிருந்து தொடங்கினால், மற்ற அடைப்புகளில் எதைத் தொடவேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது பெருக்கத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.