ஒரே படம், நாட்டுக்கொரு சந்தா

2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 500, 650, 800 ரூபாய் என்று மூன்று படிகளில் இருந்தது. அமெரிக்காவில் அப்போது நடுத்தரச் சந்தா 9.99 டாலர். அன்றைய நாணய மாற்று விகிதத்தில் பெருக்கினால் சுமார் 670 ரூபாய் வரும். ஏறக்குறைய அமெரிக்க விலையையே ரூபாயில் எழுதிவிட்டார்கள்.

கோளாறு அங்கேதான். நாணயச் சந்தையில் ஒரு டாலருக்கு 67 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளையும் சேவையையும் இந்தியாவில் சராசரியாக 20 ரூபாய் அளவிலேயே வாங்க முடிந்தது. இதைத்தான் வாங்கும் திறன் சமநிலை என்கிறார்கள். அந்தக் கணக்கில் 10 டாலர் சந்தா இங்கே 200 ரூபாயாக இருந்திருக்க வேண்டும். 650 ரூபாய் என்பது அமெரிக்கக் குடும்பத்திடம் 30 டாலருக்கு மேல் கேட்பது போன்றது. கேபிள்காரருக்கு மாதம் 200, 300 ரூபாய் கொடுத்து வீடே டிவி பார்த்துப் பழகிய நாடு இது.

அப்படியானால் எல்லாச் சந்தாவையும் குறைத்துவிட்டால் என்ன? 800 ரூபாயைத் தயங்காமல் கட்டுபவர்களும் மலிவான சந்தாவுக்கு இறங்கிவிடுவார்கள். அதனால் விலையைக் குறைக்கும்போது வசதியிலும் கைவைப்பார்கள். 2019 ஜூலையில் வந்த 199 ரூபாய் மொபைல் சந்தா அப்படிப்பட்டது. படங்களும் தொடர்களும் அதேதான். ஆனால் ஒரே ஒரு போனிலோ டேப்லெட்டிலோ, சாதாரணத் தரத்தில்தான் பார்க்கலாம். பெரிய டிவி வைத்திருப்பவருக்கு அது போதாது.

டிவி முன்னால் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கும் அது போதவில்லை. 2021 டிசம்பரில் நடந்த விலைக்குறைப்பில் இது தெரிந்தது. மொபைல் சந்தா 149 ஆனது. அதிகம் சரிந்தது, டிவியிலும் பார்க்கக்கூடிய அடிப்படைச் சந்தா. 499 ரூபாயிலிருந்து நேராக 199! உயர்மட்டச் சந்தா 799-லிருந்து 649-க்கு மட்டுமே இறங்கியது. சரியான இடத்தில் வெட்டினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பலன் கிடைத்தது. 2022-ல் இந்தியர்கள் பார்க்கும் நேரம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியதாகவும், நாணய ஏற்ற இறக்கத்தை நீக்கிப் பார்த்தால் வருமான வளர்ச்சி 19-லிருந்து 24 சதவீதமாக உயர்ந்ததாகவும் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு எழுதியது. அந்தத் துணிவில் 2023-ன் தொடக்கத்தில் மேலும் 116 நாடுகளில் விலையைக் குறைத்தது. அவை அனைத்தும் சேர்ந்து 2022-ன் மொத்த வருமானத்தில் 5 சதவீதம்கூட இல்லை என்பதால் நஷ்ட பயமும் பெரிதாக இல்லை.

இந்த முறைக்கு ஓர் ஓட்டை உண்டு. பணக்கார நாட்டில் இருப்பவர் விபிஎன் போட்டு, மலிவான நாட்டில் இருப்பதாகக் காட்டிச் சந்தா கட்டலாம். 2024-ல் யூடியூப் அப்படி வாங்கப்பட்ட பிரீமியம் சந்தாக்களை ரத்து செய்யத் தொடங்கியது.