ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சில நோட்டுகளில் விடை 35 என்று இருக்கும். இது கவனக்குறைவு இல்லை. கீழே 7, மேலே 2. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து 5 போட்டுவிட்டார்கள். பிறகு ஐந்தில் இரண்டு போக 3. அந்தப் பிள்ளைக்கு 52 என்பது ஒரே எண்ணாகத் தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தனித்தனி எண்களாகத்தான் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் பத்தடிமானக் கட்டைகள் கைகொடுக்கும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று. அதே அளவில் பத்தை ஒட்டிவைத்த நீளம் உள்ள குச்சி பத்து. பத்துக் குச்சி அகலத்தில் ஒரு பலகை நூறு. ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஸோல்டான் டீன்ஸ் (1916–2014) இத்தகைய கட்டைகளைப் பள்ளிகளில் பரப்பினார். அவருடைய பெட்டியில் மூன்று மூன்றாக, நான்கு நான்காகச் சேரும் கட்டைகளும் இருந்தன. பள்ளிகளில் நிலைத்தது என்னவோ பத்துதான்.

கட்டைகளுக்கு முன்னால் ஈர்க்குச்சியில் தொடங்குவது நல்லது. பத்துக் குச்சிகளைப் பிள்ளையே எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டட்டும், வேண்டும்போது அவிழ்க்கட்டும். கட்டை அவிழாது, மாற்றத்தான் முடியும். கட்டி அவிழ்த்துப் பழகிய கைக்குத்தான் அந்த மாற்றம் புரியும்.

இப்போது 52 − 27. தரையில் 52 மட்டும் இருக்கட்டும்: ஐந்து குச்சி, இரண்டு சின்னக் கட்டை. 27-ஐயும் எடுத்து வைத்தால் எதிலிருந்து எதை எடுப்பது என்று பிள்ளை குழம்பும். அந்த 27 இந்த 52-க்குள்ளிருந்தே வர வேண்டும்.

ஏழு சின்னக் கட்டை எடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. ஒரு குச்சியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பத்துச் சின்னக் கட்டை வாங்கிக்கொள்ளட்டும். பத்து ரூபாய் நோட்டுக்குச் சில்லறை மாற்றுவது போலத்தான். போடுவதற்கு முன் குச்சியின் ஓரமாகக் கட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்பதோ பதினொன்றோ வாங்கிவிடும் தவறு அங்கேயே பிடிபடும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, “இப்போ உன்கிட்ட மொத்தம் எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் எண்ணம். நான்கு குச்சி, பன்னிரண்டு கட்டை. மொத்தம் அதே 52. “அறுபத்திரண்டு” என்று பதில் வந்தால் குச்சி பெட்டிக்குப் போகவில்லை, அல்லது போனதைப் பிள்ளை கணக்கில் எடுக்கவில்லை. முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினால் மாற்றினாலும் மதிப்பு மாறாது என்பது இன்னும் பதியவில்லை. கழித்தலை விட்டுவிட்டு, மாற்றி மாற்றி விளையாட விடுங்கள்.

பதிந்துவிட்டால் மீதி எளிது. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கு குச்சியில் இரண்டு போக இரண்டு. விடை 25. கை செய்வதை அந்தந்த நொடியே நோட்டிலும் எழுத வேண்டும்: குச்சி பெட்டிக்குள் விழும்போது 5-ஐ அடித்து 4, கட்டைகள் வரும்போது 2 இருந்த இடத்தில் 12. கட்டை விளையாட்டை முடித்துவிட்டுத் தனியாக நோட்டைத் திறந்தால் இரண்டும் ஒட்டாது.

பெரிய தடுமாற்றம் நடுவில் பூஜ்யம் வரும்போது. 304 − 128-இல் எட்டுக் கட்டை வேண்டும், இருப்பது நான்கு. மாற்றக் குச்சியே இல்லை. சில பிள்ளைகள் நூறு பலகையைக் கொடுத்துப் பத்துச் சின்னக் கட்டை கேட்பார்கள். அவற்றைப் பலகைமேல் அடுக்கச் சொன்னால் ஒரு வரிசைதான் நிறையும்; நஷ்டம் அவர்களுக்கே தெரிந்துவிடும். பலகைக்குப் பத்துக் குச்சி, அதில் ஒரு குச்சிக்குப் பத்துக் கட்டை. ஆக, இரண்டு பலகை, ஒன்பது குச்சி, பதினான்கு கட்டை. பூஜ்யத்தின் தலையில் 9 எப்படி வந்தது என்பது இப்போது கண்முன் இருக்கிறது. விடை 176.

கட்டைகளால் ஆகாத ஒன்றும் உண்டு. குச்சியை எந்தப் பக்கம் வைத்தாலும் அது பத்துதான். எழுதிய 5 இடம் மாறினால் மதிப்பே மாறும். இதைக் கட்டை தானாகச் சொல்லித்தராது. அதனால் நூறு, பத்து, ஒன்று என்று கட்டம் போட்ட அட்டைமேல் வைத்தே பழக்க வேண்டும்.

கட்டையிலிருந்து ஒரேயடியாக வெறும் எண்ணுக்குத் தாவாமல், நடுவில் சில நாள் குச்சிக்குக் கோடும் கட்டைக்குப் புள்ளியும் வரைந்து கழிக்கச் சொல்லலாம். பிறகு, கட்டை இல்லாமல் 74 − 46 போடச் சொல்லி, “ஏழை அடிச்சு ஆறு போட்டியே, அந்த ஒண்ணு என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். “பத்து ஒண்ணா மாறி நாலோட சேர்ந்துடுச்சு” என்றால் பெட்டியை மூடிவிடலாம். “கடன் குடுத்துடுச்சு” என்பதோடு நின்றால், எவ்வளவு கடன் என்று கேட்டுவிட்டு மறுபடி குச்சிகளை எடுங்கள்.