கத்தியில்லாச் சிகிச்சையும் காப்பீட்டுக் கணக்கும்

முதுகெலும்பு வட்டு விலகியதால் இடுப்பிலிருந்து கால்வரை வலி பாய, நிமிரவும் முடியாத நிலையில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். ஊசி மருந்துகளாலும் இயன்முறைச் சிகிச்சையாலும் நான்கே நாளில் நடக்கத் தொடங்கி, அறுவை சிகிச்சை ஏதுமின்றி வீடு திரும்புகிறார். சில வாரங்கள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது. 'இந்தச் சிகிச்சையைப் புறநோயாளியாகவே பெற்றிருக்கலாம். எனவே தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை'.

அதே நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம், மருத்துவமனையில் ஏன் தங்கினீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. கத்தி வைத்தால் பணம், வைக்காவிட்டால் கேள்வி என்பதுதான் காப்பீட்டின் விதியா என்ற ஐயம் எழுவது இயல்பே. விதி அப்படியில்லை. ஆனால், விதி உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் பாலிசிதாரர் பெரும்பாலும் மறுப்புக் கடிதம் வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்.

முதலில் நோயைப் பார்ப்போம். இரு முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டின் உட்பகுதி பிதுங்கி, அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்துவதையே 'ஸ்லிப் டிஸ்க்' என்கிறோம். இது பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரு வட்டுகளில் நிகழ்கிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில், மருந்தாலும் அளவான நடமாட்டத்தாலும் வலி தணிந்துவிடும். நாள்கணக்கில் படுத்தே இருப்பது நன்மை தராது என்பது இன்று மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படுகிறது. சிறுநீர், மலக் கட்டுப்பாடு இழப்பு, தொடையிடுக்குப் பகுதியில் மரத்துப்போதல், பாதம் தொங்குமளவுக்குத் தசை வலுவிழத்தல் போன்றவை அதற்கான அபாயக் குறிகள். இவை தோன்றினால் காப்பீட்டைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆக, அறுவையின்றிக் குணமாவதே இந்நோயின் இயல்பான போக்கு. காப்பீட்டு நிறுவனங்களும் இதை அறியும். எனவே, அவை எழுப்பும் கேள்வி 'ஏன் அறுவை செய்யவில்லை' என்பதன்று. 'வீட்டிலிருந்தோ புறநோயாளியாக வந்துபோயோ பெறமுடியாத எந்தச் சிகிச்சை வார்டில் தரப்பட்டது' என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு ஆதாரமாகப் பாலிசியில் மூன்று இடங்கள் உள்ளன. முதலாவது, 'மருத்துவ ரீதியாக அவசியமான சிகிச்சை' என்பதன் வரையறை. மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும் போதாது. பாதுகாப்பான சிகிச்சைக்குத் தேவையான அளவையும் கால அளவையும் அது மிஞ்சக்கூடாது என்று அந்த வரையறை கூறுகிறது. மற்ற இரண்டும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விலக்குப் பட்டியலில் உள்ளவை. அதில் 4-ஆம் எண், முதன்மையாகப் பரிசோதனைக்காக மட்டுமே சேர்க்கப்படுவதை விலக்குகிறது. 5-ஆம் எண், சிகிச்சைக்காக அன்றி முதன்மையாகப் படுக்கை ஓய்வுக்காகச் சேர்க்கப்படுவதை விலக்குகிறது. முதுகுவலிக் கோரிக்கைகள் மறுக்கப்படும்போது இவற்றில் ஏதேனும் ஒன்றுதான் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படும். 24 மணி நேரம் தங்கிவிட்டாலே பணம் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுவது தவறு. அது ஒரு நிபந்தனை மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். மதுரையைச் சேர்ந்த 52 வயது வங்கி ஊழியர் ஒருவர் எரிவாயு உருளையைத் தூக்கும்போது இடுப்பில் 'சுரீர்' என வலி கண்டு, மருத்துவமனையில் நான்கு நாள் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் ரூ.52,000. அதில் எம்ஆர்ஐ பரிசோதனைக்கு மட்டும் ரூ.8,000. பாலிசி எடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இவருடைய மருத்துவமனைப் பதிவேடு இரு விதமாக இருக்கலாம்.

முதல் பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: 'கடுமையான இடுப்பு வலி. எம்ஆர்ஐ எடுப்பதற்கும் கண்காணிப்புக்கும் அனுமதி'. முதல் நாளே எம்ஆர்ஐ எடுக்கப்படுகிறது. பிறகு வலி மாத்திரைகள், நாளுக்கு ஒருமுறை இயன்முறைச் சிகிச்சை, ஓய்வு. மூன்று நாள்களும் செவிலியர் குறிப்பில் ஒரே வாசகம்: 'நோயாளி நலம்'. இதைப் படிக்கும் காப்பீட்டு நிறுவன மருத்துவருக்கு, இதில் எதுவும் வார்டில்தான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றாது. 4-ஆம் எண்ணோ 5-ஆம் எண்ணோ காட்டிக் கோரிக்கையை மறுத்துவிடுவார். அம்மறுப்பை எதிர்த்து வாதிடுவதும் கடினம்.

இரண்டாவது பதிவேடு வேறு கதையைச் சொல்கிறது. சேர்வதற்கு முந்தைய ஐந்து நாள்களில் இரு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளும், மாத்திரைகளால் பலனில்லை என்ற குறிப்பும் உள்ளன. சேரும்போது வலி பத்துக்கு ஒன்பது; உட்காரவோ கழிவறைக்குத் தனியே செல்லவோ இயலவில்லை; மல்லாந்த நிலையில் இடது காலை 30 பாகைக்கு மேல் உயர்த்த முடியவில்லை; கட்டைவிரலை மடக்கும் வலு குறைந்திருக்கிறது. நரம்பு வழியாக வலி மருந்து செலுத்தப்படுகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வலியின் அளவும் காலின் வலுவும் குறிக்கப்படுகின்றன. வலி குறையாததால் மூன்றாம் நாள் எக்ஸ்ரே வழிகாட்டலுடன் நரம்பு வேரருகே ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. மறுநாள் வலி நான்காகக் குறைகிறது, நோயாளி தானே நடக்கிறார், வீடு திரும்புகிறார். இங்கே எம்ஆர்ஐ, சிகிச்சையை முடிவுசெய்ய உதவிய ஒரு படி. சேர்க்கையின் நோக்கம் அதுவன்று. இக்கோரிக்கை ஏற்கப்படுவதற்கு எல்லா நியாயமும் உண்டு.

நோய் ஒன்று, தங்கிய நாள்கள் ஒன்று, கட்டணமும் ஒன்று. வேறுபடுவது சிகிச்சையின் தீவிரமும் அதற்கான எழுத்துச் சான்றும்தான். நடக்காததை எழுதச் சொல்வது மோசடி. கண்டுபிடிக்கப்பட்டால் பாலிசியே பறிபோகலாம். ஆனால், நடந்ததை எழுதாமல் விடும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கிறது. அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. சேரும்போதே 'வீட்டில் ஏன் பார்க்க முடியாது என்பதைக் குறிப்பில் எழுதுவீர்களா, டாக்டர்?' என்று கேட்பதில் தவறில்லை. வீட்டில் பார்க்கலாம் என்று அவர் சொன்னால் அதுவும் பயனுள்ள பதிலே.

சிகிச்சை அவசியமானதாக இருந்தும் கோரிக்கை தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது காத்திருப்புக் காலம். பல பாலிசிகளில் வட்டு விலகல், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கிறது. விபத்தால் நேர்ந்தால் இந்த விலக்கு பொருந்தாது. ஆனால், காப்பீட்டு மொழியில் விபத்து என்பது புறத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியும் வகையில், வன்மையாகத் தாக்கும் எதிர்பாராத நிகழ்வு. மாடிப்படியில் விழுந்தால் அது விபத்து. உருளையைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டதை நிறுவனங்கள் எளிதில் விபத்தாக ஏற்பதில்லை. நம் வங்கி ஊழியருக்கு நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டதால் இச்சிக்கல் இல்லை.

இதையொட்டி இன்னொரு சிக்கலும் எழக்கூடும். எம்ஆர்ஐ அறிக்கையில் 'தேய்மான மாற்றங்கள்' என்று இருப்பதைக் காட்டி, இது பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று நிறுவனம் வாதிடலாம். வட்டுத் தேய்மானமும் பிதுக்கமும் வயதோடு வருபவை. முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வொன்று, வட்டுப் பிதுக்கம் 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் இருப்பதாகக் கண்டது. முன்பே இருந்த நோய் என்பதற்கு, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் மருத்துவரால் கண்டறியப்பட்டோ சிகிச்சை பெற்றோ இருக்க வேண்டும் என்பதே இன்றைய வரையறை. படத்தில் தெரியும் தேய்மானம் மட்டும் அதற்குச் சான்றாகாது.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது? ரொக்கமில்லா வசதி மறுக்கப்பட்டதையும் கோரிக்கை மறுக்கப்பட்டதையும் ஒன்றாகக் கருதக்கூடாது. முன்னது மறுக்கப்பட்டாலும், கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் பின்னர் ஆவணங்களுடன் தொகையைக் கோரலாம். கோரிக்கையே மறுக்கப்பட்டால், எந்த விதியின்கீழ் என்பதை நிறுவனம் குறிப்பிட்டாக வேண்டும். உரிமைகோரல் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி மறுக்கக் கூடாது என்றும் ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை கூறுகிறது.

அடுத்து, உள்நோயாளிப் பதிவேட்டின் முழு நகலை மருத்துவமனையிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் அது தரப்பட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் ஒரு பக்கச் சுருக்கத்தில் இல்லாதது, மருந்து அட்டவணையிலும் செவிலியர் குறிப்பிலும் பெரும்பாலும் இருக்கும். அதனுடன், வார்டில் சேர்த்ததற்கான காரணங்களை விளக்கும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் நிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமும் இல்லை, வழக்குரைஞரும் தேவையில்லை. அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

பொருளியல் நோக்கில் இந்தச் சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. வலியை நோயாளி மட்டுமே அறிவார். பணம் தருபவரால் அதை அளக்க முடியாது. மருத்துவச் சந்தையில் ஒரு தரப்பு அறிந்ததை மறுதரப்பு அறியாமல் இருப்பதன் விளைவுகளைக் கென்னத் ஆரோ 1963-லேயே விளக்கினார். நம் பாலிசிகளோ பெரும்பாலும் புறநோயாளிச் செலவை ஏற்பதில்லை. ரூ.8,000 எம்ஆர்ஐக்குப் பணம் கிடைக்க ஒரே வழி வார்டில் படுப்பது என்றாகும்போது, தேவையில்லாதவரும் படுக்கிறார். அதனால் எழும் சந்தேகம் தேவையுள்ளவர்மீதும் விழுகிறது. இதைவிட ஆபத்தானது, பணம் நிச்சயம் கிடைக்கும் என்பதற்காகவே அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பது. பரிசோதனைக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் வரம்புக்குட்பட்ட புறநோயாளிக் காப்பீடு பரவலானால், இரு தவறான தூண்டுதல்களும் குறையும். அதுவரை, கால் வலுவிழந்தால்தான் கத்தி, வார்டில் மட்டுமே தரக்கூடிய சிகிச்சை வேண்டுமென்றால்தான் வார்டு என்று முடிவெடுப்பதே முதுகுக்கும் பணப்பைக்கும் நல்லது.