2018இல் வராத பிறந்தநாள்

சீக்கியர்களின் பத்தாம் குரு கோபிந்த் சிங்கின் பிறந்தநாள் 2017ஆம் ஆண்டில் இருமுறை வந்தது: ஜனவரி 5, பிறகு டிசம்பர் 25. அடுத்த 2018இல் அது வரவே இல்லை. 2019 ஜனவரி 13இல்தான் மீண்டும் குருபுரப் கொண்டாடினார்கள். வைசாகியோ ஆண்டுதோறும் தவறாமல் ஏப்ரல் 13 அல்லது 14இல் வந்துவிடுகிறது.

குரு பாட்னாவில் பிறந்தது 1666இல். அந்த நாளைப் 'போஹ் சுதி 7' என்று குறித்து வைத்தார்கள். போஹ் என்பது நம் மார்கழி, தையை ஒட்டி வரும் மாதம். சுதி என்றால் வளர்பிறை. ஆக, நினைவில் நின்றது வளர்பிறை சப்தமி என்னும் திதி. திதியைத் தீர்மானிப்பது நிலவு.

பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அதனால்தான் 2017 ஜனவரி 5இலிருந்து 354ஆம் நாளான டிசம்பர் 25இல் அதே சப்தமி திரும்பிவிட்டது. இப்படியே விட்டால் குளிர்காலத்துப் பிறந்தநாள் சில ஆண்டுகளில் மழைக்காலத்துக்குப் போய்விடும். அதைத் தடுக்க, ஏறக்குறைய 32, 33 மாதங்களுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். 2018 கோடையில் அப்படி ஒரு மாதம் வந்தது. ஆகவே அடுத்த சப்தமிக்கு 384 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் 2018 முடிந்துவிட்டது.

வைசாகிக்கு இந்த அலைச்சல் இல்லை. அது வைசாக மாதத்தின் முதல் நாள், சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் சங்கராந்தி. நம் சித்திரை முதல் நாளும் அதே கணக்குதான். கோதுமை அறுவடைக் காலத்தில் மக்கள் வழக்கமாகக் கூடிய அந்தத் திருநாளில்தான், 1699இல் ஆனந்தபூரில் குரு கோபிந்த் சிங் கால்சாவைத் தோற்றுவித்தார். நிகழ்ச்சி ஏற்கெனவே இருந்த சூரியத் திருநாளில் நடந்ததால், அதன் நினைவும் சூரியனோடு போகிறது. ஆனாலும் இந்தச் சங்கராந்தி விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுவது. பருவங்களின் ஆண்டைவிட அந்த ஆண்டு சில நிமிடங்கள் நீளம். இன்றைய ஆங்கில நாட்காட்டியில் கணக்கிட்டால் 1699இன் வைசாகி ஏப்ரல் 8ஐ ஒட்டி விழும். முந்நூறு ஆண்டுகளில் ஐந்தாறு நாள் நகர்ந்திருக்கிறது.

குரு பிறந்த அன்று போஹ் மாதத்தின் சூரியக் கணக்கில் 23ஆம் நாள். கனடாவில் வாழ்ந்த பால் சிங் புரேவால் அதையே பிடித்துக்கொண்டார். அவர் வகுத்த நானக்ஷாஹி நாட்காட்டி 2003இல் ஏற்கப்பட்டபோது குருபுரப் ஜனவரி 5இல் நிலைபெற்றது. தேதிக்காகப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம் என்பது நல்ல வசதி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அப்போதும் குரு நானக் பிறந்தநாளைக் கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து அவர்கள் பிரிக்கவில்லை; தலைமுறைகளாக முழுநிலவோடு கலந்துபோன நாள் அது. 2010இல் செய்த திருத்தத்தில் குரு கோபிந்த் சிங்கின் குருபுரபும் பழைய சப்தமிக்கே திரும்பியது. புரேவாலின் கணக்கை விடாத குருத்வாராக்கள் இன்றும் அதை ஜனவரி 5இல் கொண்டாடுகின்றன.